அகராதியில் கிடைக்காத முஸ்தகீம்

அன்புள்ள சார், அஸ்ஸலாமு அலைக்கும்.

சின்ன வயதில் மதரஸாவில் ஓத மட்டும் கற்றவன் நான். இப்போது பொருள் தெரிந்து ஓத வேண்டும் என்று ஹான்ஸ் வெஹ்ர் அகராதியை வாங்கினேன். ‘முஸ்தகீம்’ மீமில் இல்லை. வேர்ச்சொல் வரிசை என்று தெரிந்ததும் முன்னால் இருக்கிற மீம், ஸீன், தா மூன்றையும் எடுத்துவிட்டு காஃப்-யா-மீமில் தேடினேன். அங்கும் இல்லை. ‘லம் யலித்’ இன்னும் மோசம். யாவை எடுத்தால் இரண்டே எழுத்துதான் மிஞ்சுகிறது. மூன்றாவது எழுத்துக்கு எங்கே போவது?

ஒரு வாசகர்

வ அலைக்கும் ஸலாம்.

மேலே இரண்டு புள்ளி உள்ளதைக் காஃப் என்றும் மற்றதைக் கேஃப் என்றும் எழுதுகிறேன், குழப்பம் வராது.

முஸ்தகீமில் நீங்கள் எடுத்த மூன்று எழுத்துகளும் எடுக்க வேண்டியவையே. மிஞ்சிய யாவை நம்பியதில்தான் சிக்கல். அது பிறவியில் யா அல்ல, வாவ். வேர் காஃப்-வாவ்-மீம். முதலில் அது ‘முஸ்தக்விம்’ என்றுதான் இருந்திருக்க வேண்டும் என்பார்கள் இலக்கணக்காரர்கள். வாவின் கீழிருந்த ஸேர் காஃபுக்கு இறங்கிவிட்டது. ஸேருக்குப் பின்னால் வாவ் நிற்க முடியாது, யாவாகிவிடும். அதே வாவ் ஸபருக்குப் பின் அலிஃபாகும் (காம, ‘நின்றான்’). பேஷுக்குப் பின் மட்டும் வாவாகவே நீளும் (யகூமு, ‘நிற்பான்’). ஆக, சொல்லின் நடுவில் ஒரு நெடில் தெரிந்தால், அந்த நெடிலின் எழுத்து முன்னால் இருக்கும் குறியைத்தான் காட்டுகிறது, வேரைக் காட்டுவதில்லை.

அப்படியானால் வேரில் இருப்பது வாவா, யாவா என்று எப்படித் தெரியும்? அதே குடும்பத்தில் அந்த எழுத்து நெடிலாகக் கரையாமல், மெய்யாக ஒலிக்கும் இன்னொரு சொல்லைத் தேட வேண்டும். இதற்கு நீங்கள் வெளியே போக வேண்டாம். வத்தீனி சூராவில் ‘ஃபீ அஹ்ஸனி தக்வீம்’ என்று ஓதுகிறீர்களே, அந்தத் தக்வீமில் காஃபுக்கும் மீமுக்கும் நடுவே வாவ் பளிச்சென்று நிற்கிறது. ‘கவ்ம்’ என்ற சொல்லிலும் அதே வாவ்தான்.

ஆனால் மெய்யாக ஒலிக்கும் எல்லாமே நல்ல சாட்சி ஆகிவிடாது. ‘கியாமத்’ என்பதில் யா மெய்யாகத்தான் ஒலிக்கிறது, ஆனால் முன்னால் ஸேர் இருப்பதால் அதுவும் மாறிய வாவ்தான். ‘அல்ஹய்யுல் கய்யூம்’ என்பதில் வாவ் ஒரு யாவின் பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டு, யாவாகி, இரட்டித்துவிட்டது. இன்றைய செய்தித்தாள் அரபியில் ‘தக்யீம்’ என்று ‘மதிப்பீடு’ என்ற பொருளில் ஒரு சொல் புழங்குகிறது. ‘கீமத்’ என்பதில் ஏற்கனவே மாறிப்போன யாவை வைத்துக் கட்டிய சொல் அது. அதனால் நடு எழுத்தைப் பொறுத்தவரை என் பழக்கம் இது: மெய்யாக நிற்கும் வாவ் தென்பட்டால் நம்புவேன், யா தென்பட்டால், ஸேரோ இன்னொரு யாவோ அக்கம்பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நம்புவேன்.

இனி அகராதியில் காஃப்-வாவ்-மீமைத் திறங்கள். பத்தி பத்தியாக நீளும், மலைக்க வேண்டாம். முதலில் அந்த வேரிலிருந்து பிறந்த வினை வடிவங்கள் ரோமன் எண்களோடு வரும். நீங்கள் எடுத்த ஸீனும் தாவும் பத்தாம் வடிவத்தின் அடையாளம், எனவே பத்தாம் எண்ணில் ‘இஸ்தகாம’ இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கிறது, ஆக வேர் சரி. நீங்கள் உரித்த முன்னொட்டுக்குரிய வடிவ எண் அந்த வேரின் கீழ் இல்லாவிட்டால், பெரும்பாலும் தவறான வேரில் நிற்கிறீர்கள். பெயர்ச்சொற்களில் இந்த வடிவங்களின் வினையாலணையும் பெயர்கள் கடைசியில் வருவதால், முஸ்தகீம் பதிவின் வால் பக்கம் கிடைக்கும்.

அடுத்து யலித். இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல்லும் இருக்கிறது: ‘வலம் யகுன் லஹு’. யாவை எடுத்தால் முதலாவதில் லாம்-தால், இரண்டாவதில் கேஃப்-நூன். இரண்டிலும் ஒரு வாவ் காணவில்லை, ஆனால் காணாமல் போன இடம் வேறு வேறு.

யலித்தில் அது தலையில் இருந்தது. வேர் வாவ்-லாம்-தால், ‘வலத்’ என்றால் பிள்ளை. ‘யவ்லிது’ என்று வர வேண்டியதில், ஸபர் பெற்ற யாவுக்கும் ஸேருக்கும் நடுவே சிக்கிய வாவ் விழுந்துவிடும். அடுத்த சொல்லிலேயே, ‘வலம் யூலத்’ என்பதில், அது திரும்பி வந்துவிட்டது. ஏனெனில் அங்கே யாவுக்குப் பேஷ்.

யகுனில் வாவ் நடுவில் இருந்தது: யகூனு. முன்னால் வந்த ‘லம்’ கடைசி நூனுக்கு ஸுகூன் கொடுக்க, ஸுகூன் பெற்ற இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து நிற்க முடியாமல் வாவ் உதிர்ந்தது.

எது எங்கே போனது என்று கண்டுபிடிக்க, சொல்லுக்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள். லம்மும் இல்லை, கட்டளையும் இல்லை, கடைசி எழுத்து ‘யஸிலு’ போலப் பேஷோடு முழுதாக நிற்கிறது, இருந்தும் இரண்டு எழுத்துதான் என்றால், நடு எழுத்து உதிரக் காரணமே இல்லை. தலையில் வாவைச் சேர்த்துத் தேடுங்கள். லம் இருந்தால் உயிர்க்குறியைக் கேளுங்கள். யகுன் போலப் பேஷ் வந்தால் நடுவில் வாவ். மிஞ்சிய இரண்டில் முதல் எழுத்து ஸுகூன் பெற்றிருந்தால், ‘வலம் யக்ஷ’ என்பதில் கா போல, போனது கடைசி எழுத்து. ஸேரோ ஸபரோ வந்தால் தலையா நடுவா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இரண்டு இடத்திலும் திறந்து பார்க்க வேண்டியதுதான். மிஞ்சிய இரண்டில் பின்னது ஷத்து பெற்றிருந்தால் எதுவும் தொலையவில்லை, அந்த எழுத்தையே இரண்டாக எண்ணிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பிடிபட்ட பிறகும் ஆளைக் கவிழ்க்கும் ஒரு சொல் உண்டு. தினமும் கேட்கிற துஆதான்: ‘வகினா அதாபன் நார்’. வாவ், காஃப், நூன், அலிஃப் என்று எழுதியிருக்கும். முதல் மூன்றையும் வேர் என்று எடுத்தால் பொருள் சேராது. கடைசியில் இருப்பது ‘நா’, ‘எங்களை’. சரி, அதை எடுத்தால் வாவும் காஃபும் மிஞ்சும். வேர் வாவ்-காஃப்-யா, ‘காத்தல்’. ஆகக் கண்ணுக்குத் தெரிகிற வாவ்தான் வேரின் வாவ் என்று தோன்றும். இல்லை. அது ‘இன்னும்’ என்று பொருள்படும் ஒட்டு வாவ். முன்னால் ‘ஆதினா’, ‘எங்களுக்குக் கொடு’ என்று ஒரு கட்டளை போயிருக்கிறது, அதோடு இரண்டாவது கட்டளையைச் சேர்க்க வந்தது. வேரின் வாவ் யலித்தில் போனது போலவே போய்விட்டது, கடைசி யாவைக் கட்டளை வடிவம் வெட்டிவிட்டது. வேரில் எஞ்சியது ‘கி’ என்ற ஒற்றைக் காஃப். தஹ்ரீம் சூராவில் ‘கூ அன்ஃபுஸகும்’ என்பதில் உள்ள ‘கூ’ இதே கட்டளையின் பன்மை.

அதனால் ஒட்டுச் சொற்களை எப்போதும் முதலில் கழற்றுங்கள்: வ, ஃப, பி, லி, ஸ, அல் ஆகியவை முன்னால், நா, ஹும், கும், ஹு போன்றவை பின்னால். எழுத்துகளை எண்ணுவது அதற்கப்புறம்.

வாவ்-காஃப்-யாவைத் திறந்துவிட்டால் எட்டாம் எண்ணையும் பார்த்துவிடுங்கள். அங்கே ‘இத்தகா’ இருக்கும். பகராவின் தொடக்கத்தில் வரும் ‘ஹுதன் லில்முத்தகீன்’ அதிலிருந்து வந்ததுதான். வேரின் வாவ் பக்கத்துத் தாவோடு கலந்து ஷத்தாகிவிட்டது. மீமுக்குப் பின் ஷத்துப் பெற்ற தா வரும்போதெல்லாம் தலையில் ஒரு வாவை வைத்துத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

கடைசி எழுத்து வாவா யாவா என்று தெரியாமல் நீங்கள் திணறும் நாளும் வரும். லிஸானுல் அரபைத் தொகுத்த இப்னு மன்ளூர், கடைசி எழுத்தை வைத்துச் சொற்களை அடுக்கியவர். வாவில் முடிபவற்றையும் யாவில் முடிபவற்றையும் ஒரே பாபில் சேர்த்து வைத்தார். வெஹ்ரில் அந்தச் சலுகை இல்லை, இரண்டு இடத்தையும் புரட்டத்தான் வேண்டும்.