கறுப்பு மலமும் வலி மாத்திரையும்

"மூட்டு வலிக்கு மூணு வாரமா டைக்ளோஃபினாக் எடுக்கிறேன். அமிலத்தைக் குறைக்கிற ஒமிப்ரசோல் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுறேன். ரெண்டு நாளா மலம் கறுப்பா போகுது. காரம் குறைச்சா சரியாகுமா?"

காரம் இருக்கட்டும், இன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்தான். ஆனால் தார்போல் ஒட்டி, கடும் நாற்றமும் அடித்தால் அது பெரும்பாலும் வயிற்றுப் புண்ணிலிருந்து கசியும் ரத்தம். திடீரெனக் கத்தியால் குத்தியதுபோல் வலித்து, வயிறு பலகையாய் இறுகினால் புண் ஓட்டையாகியிருக்கலாம். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

டைக்ளோஃபினாக்கை நிறுத்துங்கள்; இரைப்பையின் காப்புப் படலத்தைக் கெடுப்பது அதுதான். காரம் புண்ணை உண்டாக்காது, சிலருக்கு எரிச்சலைக் கூட்டும், அவ்வளவே. ஒமிப்ரசோலைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். சாப்பிடும்போதுதான் அமிலச் சுரப்பிகள் முழுவதும் விழிக்கும், மருந்து அதற்குள் ரத்தத்தில் இருக்க வேண்டும். வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஒமிப்ரசோல் எடுப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், அது பரிசோதனையில் கிருமியை மறைத்துவிடலாம்.