வாசனை எண்ணெய் வாங்கும் முன் துண்டை முகர்ந்து பாருங்கள்

கேள்வி: எங்க ஊர்ல சின்னதா ஒரு மசாஜ், ஃபேஷியல் கடை திறக்கப் போறேன். பெரிய ஸ்பா மாதிரி கடைக்குன்னு ஒரு வாசனை இருக்கணும்னு சொல்றாங்க. எந்த வாசனை எண்ணெய் வாங்கலாம்?

உங்களுடையதும் தோட்டத்தைச் சுற்றி வளர்ந்த பட்டணம், வரப்போகிறவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அந்தப் பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் துண்டைக் கவனியுங்கள்.

நான் சுங்கை சிப்புட்டில் கடை நடத்துகிறேன். வேறொருவர் நடத்தி, கைமாறி வந்த கடை. அவர் காலத்தில் லாவெண்டர் புகை நாள் முழுக்க ஓடும். சாமான்களை எண்ணிப் பார்க்க அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். அம்மா பால்மரம் சீவியவர், ஒட்டுப்பால் நாற்றத்தில் பாதி ஆயுள் போனவர். உள்ளே நுழைந்ததுமே, "துணியில சிக்கு வாடை அடிக்குதுடி" என்றார். அலமாரித் துண்டுகள் வெள்ளையாக, மடிப்பு கலையாமல்தான் இருந்தன. கையில் எடுத்து முகர்ந்தால் சோப்பு மணம்தான்.

துண்டு காய்ந்திருக்கும்போது அந்த வாடை எளிதில் தெரியாது. ஒரு துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, பத்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். உண்மை வெளியே வரும். மசாஜ் மேசையில் குப்புறப் படுப்பவரின் மூக்கு அந்தத் துண்டின் மேல்தான் இருக்கிறது. உடம்புச் சூடும் வியர்வையும் சேர்ந்து அதே வேலையைச் செய்கின்றன. மூலையில் லாவெண்டர் மணத்து என்ன பயன்? சிக்கும் லாவெண்டரும் கலந்த மணம்தான் அந்தக் கடையின் அடையாளமாக மனதில் நிற்கும். கடைக்காரருக்கு இது தெரியாது. ஒரே வாடையில் இருந்தால் சில நிமிடங்களிலேயே மூக்கு அதை விட்டுவிடும். அதனால் வெளியே இருந்து வரும் ஒருவரை முகரச் சொல்லுங்கள்.

காரணம் எண்ணெய்தான். பழைய கடைக்காரர் சூரியகாந்தி கலந்த எண்ணெய் பயன்படுத்தினார். அது காற்றுப் பட்டால் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். நான் உறையாத வகைத் தேங்காய் எண்ணெய்க்கு மாறினேன். அதற்கு வாடை கிடையாது, எளிதில் கெடாது, துவைத்தால் போய்விடும். முட்டிவலிக்காரர்கள் நல்லெண்ணெய்தான் கேட்பார்கள், அதை மறுக்க முடியாது. அந்தத் துண்டுகளுக்குத் தனி வாளி.

துண்டை மறுநாளுக்குப் போடாமல் அன்றே, அறுபது டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். துணி மென்மையாக்கி வேண்டாம். அது நூல் மேல் படலமாகப் படிந்துவிடும். கைக்கு வழுவழுப்பாக இருக்கும், ஆனால் தண்ணீரை உறிஞ்சாது. ஃபேஷியல் முடிந்து முகம் துடைக்கும்போது ஈரம் துடைபடாமல் வழுக்கிக்கொண்டு போகும், அது யாருக்கும் பிடிக்காது. மிகத் தடித்த துண்டும் நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளே காயாது. நடுத்தரத் தடிப்பே போதும். நாள்பட்ட சிக்கு மட்டும் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அப்படிப்பட்டவற்றை நான் தரை துடைக்கத்தான் வைத்தேன். செலவுதான், வேறு வழியில்லை.

இன்னொன்று: டிரையரில் இருந்து எடுத்த துண்டைச் சூட்டோடு அடுக்காதீர்கள். எண்ணெய் மிச்சம் இருந்தால் அடுக்குக்குள் சூடு ஏறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

இவ்வளவும் சரியான பிறகு வாசனைக்கு வரலாம். என் கடையில் நாள் முழுக்க எதுவும் ஓடாது. வருபவர் உட்கார்ந்ததும், பின்கட்டில் வளரும் செராய் என்னும் எலுமிச்சைப்புல்லின் தண்டை நசுக்கிக் கொதிக்க வைத்து, வெதுவெதுப்பாக ஆற்றிய தண்ணீரில் காலைக் கழுவிவிடுவேன். எங்கள் கை அவர் மேல் முதன்முதலில் படுவது அப்போதுதான். மணம், சூடு, தொடுகை மூன்றும் ஒன்றாகச் சேர்வதால் அது நினைவில் நிற்கிறது. செராய் எண்ணெயை நேராகத் தண்ணீரில் விடாதீர்கள். கரையாமல் மிதந்து தோலில் ஒட்டி எரிச்சல் தரும்.

கோலாலம்பூரில் ஏசி மாடியில் ஸ்பா வைத்திருப்பவர்கள் இதைப் பட்டிக்காட்டு வழி என்பார்கள். அவர்களுக்கு வேறு வழி சரியாக இருக்கலாம், நான் என் கடையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடக்கிறது. லைசென்ஸ் எடுத்து, கதவில் பெண்களுக்கு மட்டும் என்று எழுதிப் போட்டாலும், மசாஜ் கடை என்றதும் ஒரு மாதிரி சிரிக்கும் ஆண்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் ஒரு பெரியப்பா, "உனக்கென்னம்மா, ராத்திரியிலதான் நல்ல வருமானமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். என் கடை மாலை ஏழு மணிக்கு மூடிவிடும். அவர் மனைவி மாதம் தவறாமல் தோள்வலிக்கு என்னிடம்தான் வருகிறார், அதுவும் பாதி விலைக்கு. உங்களையும் இப்படிக் கேட்பார்கள். கேட்கிற இடத்திலேயே பதில் சொல்லிவிடுங்கள், நான் சொன்னேன்.

துண்டு எத்தனை வாங்குவது என்றால், ஒரு ஆளுக்கு மூன்று வரும். மழை நாளில் ஒரு நாள் துணி காயாது என்று வைத்து, இரண்டு நாளுக்குப் போதுமானதை வாங்கிவிடுங்கள்.