மாதத்துக்கும் ராசிக்கும் ஏழாம் பொருத்தம்

கேள்வி: சித்திரை, வைகாசி என்ற மாதப் பெயர்களுக்கும் மேடம், இடபம் என்ற ராசிகளுக்கும் என்ன பொருத்தம்? (வாசகி, சாவகச்சேரி)

பதில்: ஏழாம் பொருத்தம்! ஒத்துப்போகாத இருவரைப் பற்றிச் சொல்கிற பேச்சுத்தான், ஆனால் இங்கே அதுவே விடை. சித்திரை மாதம் முழுவதும் சூரியன் மேடத்தில் நிற்கும். மாதத்துக்குப் பெயர் தந்த சித்திரை நட்சத்திரமோ மேடத்திலிருந்து எண்ணினால் ஏழாவதாக வரும் துலாத்தில், அதன் தொடக்கத்தில், பாதி கன்னிக்குள்ளும் பாதி துலாத்துக்குள்ளுமாக இருக்கிறது.

காரணம் எளிது. சூரியன் நிற்கும் ராசியின் நட்சத்திரங்கள் அதன் ஒளியில் மறைந்துவிடும். பறுவத்து நிலா நேரெதிரே இரவு முழுவதும் தெரியும். அது எந்த நட்சத்திரத்தோடு நிற்கிறது என்று பார்த்தே பெயர் வைத்தார்கள்: விசாகத்தால் வைகாசி, கார்த்திகையால் கார்த்திகை, மகத்தால் மாசி. மலையாளிகள் மேடம், இடவம் என்று ராசியையே மாதப் பெயராக வைத்துக்கொண்டார்கள். சோழர் கல்வெட்டுகளிலும் 'தனு நாயற்று' என்று வரும். நாம் கணக்கைச் சூரியனிடமும் பெயரைச் சந்திரனிடமும் வாங்கினோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்தப் பெயர்கள் முதலில் சந்திர மாதங்களுக்கு உரியவை. அவற்றைச் சூரிய மாதத்துக்குச் சூட்டியதால், சித்திரை மாதத்தின் முதல் ஏழு நாளுக்குள் பறுவம் வந்தால்தான் நிலா சித்திரை நட்சத்திரத்தில் நிறையும். பிந்தினால் சுவாதி, இன்னும் பிந்தினால் விசாகம். 2025ஐ எடுங்கள். சித்திரா பூரணை மே 12, அதாவது சித்திரை 29. சூரியன் மேடத்தின் கடைசிக்கு வந்துவிட்டதால் நிலா துலாத்தின் கடைசியில், விசாகத்தில் நிறைந்தது. தாயை இழந்தவர்கள் இங்கே சித்திரா பூரணை விரதம் இருந்த அதே நாள்தான் நாடு முழுவதும் வெசாக். வெசாக் என்பதும் விசாகம்தான். வானத்தின்படி பார்த்தால் அன்று அந்தப் பெயரே பொருந்தியது.

சித்திரை நட்சத்திரம் மேடத்தில்தான் இருக்கிறது என்று இந்தப் பக்கத்தோடு வாதாடும் அன்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சித்திரை பிறந்ததும் ஒருநாள் பொழுதுபட்ட பின் முற்றத்தில் நின்று கிழக்கே பாருங்கள். சூரியன் மேற்கே மறைய, சித்திரை கிழக்கே ஏறிக்கொண்டிருக்கும். நீலம் கலந்த வெள்ளை ஒளி, தவற விடமாட்டீர்கள். வாக்கியமா திருக்கணிதமா என்று நாம் பல காலமாகச் சண்டை பிடிக்கிறோம். பிள்ளையின் குறிப்பில் செவ்வாய்க்குற்றம் தேடுகிறோம். அந்தச் செவ்வாயை வானத்தில் காட்டச் சொன்னால் எத்தனை பேர் காட்டுவோம்? அடுத்த முறை பொருத்தம் பார்க்க வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.