எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று எப்படிக் கேட்பது?

"மதுரையில் உள்ள என் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு பெங்களூரில் இருக்கிறேன். 'பாத்ரூம் குழாய் லீக் ஆகுது, ஆள் அனுப்புங்க' என்று குடியிருப்பவர் மெயில் போட்டிருக்கிறார். வீட்டில் இரண்டு பாத்ரூம். அவர் மனம் கோணாமல் விவரம் கேட்டு எப்படி எழுதுவது?"

முதல் வரியிலேயே ஆள் வருவார் என்பதைச் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் கேள்வியில் ஆரம்பித்தால், தட்டிக்கழிக்கிறீர்கள் என்றுதான் அவருக்குப் படும்.

அடுத்து இடம். 'காமன் பாத்ரூம்', 'பெரிய பாத்ரூம்' என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு வீட்டில் 'பின்னாடி குழாய்' என்று சொன்னதை நம்பி, சமையலறை சிங்க் குழாயை மாற்றிவிட்டு வந்தார் எங்கள் பிளம்பர். அவர்கள் சொன்னது துணி துவைக்கும் இடத்துக் குழாயை. ஒரு நாள் கூலி போனது, ஒழுகல் அப்படியே இருந்தது. அதனால் வாசலிலிருந்து வழி சொல்லி, அங்கே உள்ள குழாய்களை நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது. பிளம்பர் என்ன சாமான் கொண்டுவர வேண்டும் என்பது இதில்தான் இருக்கிறது. மூடிய பிறகும் குழாயின் வாயில் சொட்டினால், பழைய திருகு குழாயில் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும். கால் சுற்றில் மூடும் குழாயானால் உள்ளே இருக்கும் ஸ்பிண்டிலை மாற்ற வேண்டும். திறக்கும்போது மட்டும் கைப்பிடிக்குக் கீழே கசிந்தால் கோளாறு கழுத்துப் பகுதியில். சுவரோடு சேரும் இடத்தில் கசிந்தால், கழற்றி டெஃப்லான் டேப் சுற்றிப் பூட்டினாலே நின்றுவிடலாம். ஆனால் டைல்ஸே ஈரமாக இருந்தால் சுவருக்குள் போகும் பைப்பையும் சந்தேகப்பட வேண்டும். அது உடைத்துப் பார்க்கிற வேலையாகிவிடலாம், அரை மணி நேரத்தில் முடியாது.

இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். மெயில் பார்த்தேன். பிளம்பரிடம் சொல்லிவிட்டேன், சரியான சாமானோடு வருவதற்காக மட்டும் கேட்கிறேன். ஒழுகுவது ஹாலை ஒட்டிய பாத்ரூமிலா, படுக்கையறைக்குள் இருப்பதிலா? பக்கெட் வைக்கும் குழாயா, வாஷ்பேசின் குழாயா, ஷவரா? மூடிய பிறகும் சொட்டுகிறதா, திறந்தால் மட்டும் கசிகிறதா? முடிந்தால் இரண்டு போட்டோ அனுப்புங்கள்: தள்ளி நின்று ஒன்று, கசியும் இடத்தைக் கிட்டத்தில் ஒன்று. வாஷ்பேசின் என்றால், அடியில் இருக்கும் ஆங்கிள் காக் வால்வை வலப்பக்கம் திருகி மூடிவையுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு ஆள் வந்தால் வசதி? செலவு என்னுடையது."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். காசு யார் கொடுப்பது என்று தெரியாமல் பதில் போடத் தயங்குபவர்கள் நிறைய. பதில் வந்ததும் போட்டோக்களை அப்படியே பிளம்பருக்கு அனுப்புங்கள். குழாயின் மாடலைப் பார்த்தே எந்த ஸ்பிண்டில் என்று அவர் கடையில் கேட்டு வாங்கிவிடுவார்.