கரடி பாடம் நடத்த வேண்டாம்

கேள்வி: நாலு வயதுப் பிள்ளைகளுக்காக நானே கைப்பொம்மை நாடகம் எழுதி, தனியாக ஆட்டுகிறேன். விஷயம் பகிர்தல். "நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்" என்று கரடி சொல்ல ஆரம்பித்ததுமே பிள்ளைகள் நெளிகிறார்கள். அவர்களும் கூடவே சொல்லும்படி வரிகளை எப்படி எழுதுவது?

பதில்: அந்த வசனத்தை அடித்துவிடுங்கள். பகிராவிட்டால் கதை நகராது என்கிற மாதிரி ஒரு பொருளைக் கதைக்குள் வையுங்கள். பந்து போதும். தனியாகக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தால் பந்தில் விளையாட்டே இல்லை. உருண்டோடாத துணிப்பந்தாகவும், பொம்மை இரு கையாலும் அணைக்கிற அளவிலும் இருக்கட்டும். இரண்டு கையில் இரண்டு பொம்மை என்பதால் முயலும் கரடியும் மட்டும்.

பிள்ளைகள் திருப்பிச் சொல்லும் வரி பேச்சுத் தமிழில், மூன்று நான்கு சொல்லுக்குள் இருக்க வேண்டும். "இப்ப எனக்கு, அப்புறம் உனக்கு!" என்று வைக்கலாம். இந்த வயதுக்குப் பொருளை விட்டுக்கொடுப்பதைவிட முறை வைத்து ஆடுவதுதான் புரியும். 'அப்புறம்' என்ற சொல், காத்திருந்தால் கிடைக்கும் என்று உறுதி தருகிறது. முயலின் "தர மாட்டேன் போ!" ஒரே ஒரு தடவை வரட்டும். அதைத் திரும்பத் திரும்ப வைத்தால் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோவது அதைத்தான்!

வரி மூன்று இடத்தில் வந்தால் போதும். முதலில் கரடி மட்டும் நிதானமாகச் சொல்கிறது, முயல் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் தனியாக ஆடிப் பார்த்து முயலுக்குச் சலித்துவிடுகிறது. இரண்டாவது இடம் இப்படி:

முயல்: கரடி என்னமோ சொல்லிச்சே... இப்ப எனக்கு... அப்புறம்...? (பிள்ளைகள் பக்கம் சாய்ந்து, காதில் கை வைக்கிறது.)
பிள்ளைகள்: உனக்கு!
முயல்: ஆமா! கரடி, இந்தா!

கூச்சப்படும் பிள்ளைகூட ஒரு சொல்லைச் சொல்லிவிடும். காதில் கை வைத்ததும் மனசுக்குள் மூன்று எண்ணும்வரை பேசாதீர்கள். பெரும்பாலும் அவசரப்பட்டு நாமே சொல்லிவிடுகிறோம், அதுதான் சிக்கல். பதில் வந்த கணமே பந்து கைமாற வேண்டும். தாமதித்தால் கூச்சல் நிற்காது. மூன்றாவது இடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் பந்தைப் பிடித்து இழுக்கிறார்கள். அப்போது முழு வரியையும் பிள்ளைகளே சொல்லட்டும், பொம்மைகள் வாயே திறக்க வேண்டாம்.

மொத்தம் ஐந்து, ஆறு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். கரடி நன்றியுரை ஆற்ற வேண்டியதில்லை. பந்து இங்கும் அங்கும் போய்க்கொண்டிருக்கும்போதே திரையை மூடலாம். அரங்கேற்றத்துக்கு முன்னால் ஒரே ஒரு குழந்தையிடம் வரியைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு தடவை கேட்டும் வாயில் வரவில்லை என்றால், சரி, இன்னும் ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள்.