நாலு பங்கா, ஐம்பது பங்கா?

"அண்ணாச்சி, எனக்கு வயது 34. வள்ளியூரில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை. மாதம் 8,000 ரூபாய் ஒதுக்க முடியும். இருபது வருடத்துக்கு அந்தப் பணத்தைத் தொட வேண்டியதில்லை. இதுவரை நாலு கம்பெனிப் பங்கு வாங்கியிருக்கிறேன், அதில் ஒன்று காற்றாலைக் கம்பெனி. இரண்டு ஏறியிருக்கிறது, இரண்டு இறங்கிக் கிடக்கிறது. பெரிய ஐம்பது கம்பெனிகளையும் மொத்தமாக வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் போடு என்கிறான் மச்சான். அதில் சராசரி லாபம்தானே கிடைக்கும்? நல்ல கம்பெனியாக நாலைந்து பார்த்து எடுத்தால் அதைவிட அதிகம் வராதா?"
– ஒரு வாசகர், வள்ளியூர்

தம்பி, சராசரி என்றதும் நடுவில் நிற்கும் சுமாரான கம்பெனி உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. பங்குச் சந்தையில் சராசரி அங்கே நிற்பதில்லை. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

பத்து கம்பெனிகள். ஒவ்வொன்றிலும் 10,000 ரூபாய், மொத்தம் ஒரு லட்சம். இருபது வருடம் கழித்து ஒன்று 50 மடங்காகிறது. இரண்டு 8 மடங்கு. மூன்று கம்பெனிகள் 3 மடங்கு. இரண்டு போட்டபடியே கிடக்கின்றன, இரண்டு திவாலாகிப் பூஜ்யமாகின்றன. கூட்டினால் 7,70,000 ரூபாய். அதாவது சராசரி 7.7 மடங்கு. இந்தச் சராசரியைத் தாண்டியவை பத்தில் மூன்றே மூன்று. மற்ற ஏழும் அதற்கு வெகு கீழே.

இப்போது அந்த 50 மடங்குக் கம்பெனியை மட்டும் எடுத்துவிடுங்கள். மீதி ஒன்பதின் சராசரி 3 மடங்குதான். ஆண்டுக்கு 6% வட்டியில் வங்கியில் போட்டிருந்தாலே இருபது வருடத்தில் 3.2 மடங்கு வந்திருக்கும். பத்தில் நாலைக் குருட்டாம்போக்கில் எடுப்பவருக்கு அந்த ஒன்று கைக்கு வராமல் போக 60% வாய்ப்பு. உங்கள் கேள்விக்குப் பதில் இந்த 60 சதவீதத்தில்தான் இருக்கிறது. நாலைந்து பங்கு வைத்திருப்பவர் பெரும்பாலும் சராசரிக்கும் கீழே நிற்பதற்கு அவர் முட்டாளாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றைத் தவறவிட்டால் போதும்.

கணக்கு கற்பனை என்றாலும் போக்கு நிஜம். அமெரிக்கப் பேராசிரியர் ஹென்ட்ரிக் பெசம்பைண்டர், 1926 முதல் 2016 வரை அந்த நாட்டுச் சந்தையில் இருந்த பங்குகள் அத்தனையையும் எடுத்து ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார். அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம் தருவதற்கு மேல் அந்தச் சந்தை சேர்த்த செல்வம் முழுவதும், சிறந்த 4% கம்பெனிகளிடமிருந்து வந்தது. மீதி 96 சதவீதமும் சேர்ந்து அந்தக் கடன் பத்திரத்தின் அளவுக்குத்தான் தந்தன.

"அந்த நாலு சதவீதத்தைக் கண்டுபிடித்தால் போச்சு" என்பீர்கள். நம் பக்கத்துக் காற்றாலைக் கதையையே பார்ப்போம். ராதாபுரம், பணகுடி பக்கம் வருடத்துக்கு வருடம் காற்றாலைகள் கூடியதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். காற்று மின்சாரம் வளரும் என்று 2007இல் சொன்னவர் சொன்னது சரியாகவே நடந்தது. ஆனால் காற்றாலை தயாரிக்கும் சுஸ்லான் கம்பெனியின் பங்கு 2008 ஜனவரியில் 400 ரூபாய்க்கு மேல் விற்றது, 2020 மார்ச்சில் 2 ரூபாய்க்கும் கீழே போனது. காரணம் காற்று இல்லை. ஜெர்மனியின் ரீபவர் கம்பெனியை வாங்கியதில் ஏறிய கடன், அமெரிக்காவில் விரிசல் விட்ட இறக்கைகளை மாற்றிக்கொடுத்த செலவு, கடைசியில் 2012இல் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் திருப்பித் தர முடியாத நிலை. கன்னியாகுமரி ரோட்டில் நின்று பார்த்தால் இதில் ஒன்றுமே தெரியாது. தொழிலைத் தெரிந்துவைத்திருப்பது வேறு, அந்தத் தொழிலில் இருக்கும் ஒரு கம்பெனியின் கடன் புத்தகத்தைத் தெரிந்துவைத்திருப்பது வேறு.

அதே சுஸ்லான் அப்போது, இண்டெக்ஸ் ஃபண்ட் பின்பற்றும் ஐம்பது கம்பெனிப் பட்டியலான நிஃப்டி 50 குறியீட்டிலும் இருந்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு கம்பெனிக்கும் சந்தை மதிப்புக்கு ஏற்ற எடை. விலை விழ விழ அதன் எடை தானாகச் சுருங்கும், யாரும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியலைச் சரிபார்ப்பார்கள். தகுதி இழந்தது வெளியே போகும், வளர்ந்தது உள்ளே வரும். சுஸ்லானும் அப்படியே வெளியேறியது. இன்னொரு பக்கம், அங்கே ஜெயிக்கும் கம்பெனியை யாரும் பாதியில் விற்றுவிடுவதில்லை. நம் ஆட்கள் இரண்டு மடங்கானதும் லாபத்தை எடுத்துவிட்டு, நஷ்டத்தில் கிடப்பதை "ஏறும், ஏறும்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்கும் குறைகள் உண்டு. பெரிய கம்பெனியான பிறகுதான் நிஃப்டி 50 ஒரு பங்கைச் சேர்க்கும். சின்னதாக இருந்தபோது அது ஏறிய ஏற்றம் உங்களுக்குக் கிடைக்காது. 2 ரூபாயில் கிடந்த சுஸ்லான் 2024இல் 80 ரூபாயைத் தொட்ட ஏற்றமும் நிஃப்டி 50 ஃபண்டுக்கு வந்து சேரவில்லை. இது உறுத்தினால் நிஃப்டி 500 குறியீட்டு ஃபண்டைப் பாருங்கள், வலை அகலம். அடுத்தது, சந்தையே விழுந்தால் இண்டெக்ஸ் ஃபண்டும் கூடவே விழும். 2008 ஜனவரியில் 6,300ஐத் தொட்ட நிஃப்டி, அக்டோபரில் 2,300க்கும் கீழே இறங்கியது. பழைய உச்சத்தை நிலையாகத் தாண்ட ஏறத்தாழ ஆறு வருடம் பிடித்தது. மகள் கல்யாணத்துக்கு மூன்று வருடத்தில் வேண்டிய பணத்தை இதில் போடக் கூடாது. உங்களுக்கு இருபது வருடம் இருப்பதால்தான் இவ்வளவு பேசுகிறேன்.

ஃபண்ட் வாங்கும்போது ஏஜென்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான், லாபம் உள்ளேயே வளரும் குரோத் ஆப்ஷன் என்று கேட்டு வாங்குங்கள். ஃபண்ட் நடத்துவதற்கு வருடாவருடம் பிடிக்கும் செலவு விகிதம் 0.2% சுற்றி இருப்பவை பல உண்டு. 8,000 ரூபாயை மாதாமாதம் இருபது வருடம் கட்டி, செலவுக்கு முன் ஆண்டுக்கு 11% கிடைப்பதாக வைத்துக்கொள்வோம் (கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை, கணக்குக்காக). செலவு 0.2% என்றால் கையில் சுமார் 63 லட்சம். 1.7% வாங்கும் ஃபண்டில் சுமார் 53 லட்சம். அப்புறம், ஃபண்ட் தந்ததற்கும் டிவிடெண்டையும் சேர்த்த குறியீடு தந்ததற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். டிராக்கிங் டிஃபரன்ஸ் என்று போட்டிருப்பார்கள். அது செலவு விகிதத்தைவிட வெகுவாக அதிகமென்றால் வேறு ஃபண்ட் பாருங்கள்.

கையிலிருக்கும் நாலு பங்கை நாளைக்கே விற்க வேண்டாம். முதலில் ஒரு சோதனை. ஒவ்வொரு பங்கும் வாங்கிய தேதியில் அதே பணத்துக்கு ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்கியிருந்தால் இன்று எவ்வளவு என்று பாருங்கள். என்.ஏ.வி. எனப்படும் ஃபண்ட் யூனிட்டின் பழைய விலை எல்லாம், மியூச்சுவல் ஃபண்ட் கம்பெனிகளின் சங்கமான ஆம்ஃபியின் இணையதளத்தில் இருக்கிறது. வந்த டிவிடெண்டையும், நடுவில் விற்றுவிட்டு மறந்துபோன பங்குகளையும் விடாமல் சேர்க்க வேண்டும். இந்த மறதியால்தான் பலர் தங்களைக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் முந்தியிருந்தாலும் இரண்டு மூன்று வருடக் கணக்கை வைத்துத் திறமை என்று முடிவுகட்டாதீர்கள்.

8,000 ரூபாய் இனி ஃபண்டுக்கே போகட்டும். பங்கு பார்க்கும் ஆசை விடவில்லை என்றால் 7,200 அங்கே, 800 இங்கே. பழைய பங்குகளை விற்பதென்றால் வாங்கி ஒரு வருடம் தாண்டியவையாகப் பார்த்து விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5%. வருடத்துக்குள் விற்றால் 20%. நஷ்டத்தில் கிடக்கும் இரண்டையும் அதே வருடத்தில் விற்றால் அந்த நஷ்டத்தை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்; ஆனால் வாங்கி ஒரு வருடம் தாண்டிய பங்கின் நஷ்டத்தை, அதேபோல் வருடம் தாண்டிய பங்கின் லாபத்தில் மட்டுமே கழிக்க முடியும்.