தமிழில் புகார் எழுதலாமா? பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஆங்கிலத்தில் எழுதினால்தான் உள்ளகப் புகார்க் குழு மதிக்கும் என்கிறார் எங்கள் ஹெச்.ஆர். உண்மையா?

இல்லை. 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் புகார் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது; எந்த மொழியில் என்று சொல்லவில்லை. எழுத முடியாதவருக்கு உதவ வேண்டியதும் குழுதான்.

இத்தகைய குழுக்களில் நான் வெளி உறுப்பினராக உட்கார்ந்த விசாரணைகளில், வராத ஆங்கிலத்தில் எழுதியவர்கள்தான் அதிகம் சிரமப்பட்டார்கள். காகிதத்தில் ‘மிஸ்பிஹேவ் செய்தார்’ என்ற அளவுக்குத்தான் இருக்கும். விசாரணையில் நடந்ததைத் தமிழில் விவரமாகச் சொல்வார்கள். உடனே எதிர்த்தரப்பு, “இதெல்லாம் புகாரில் இல்லையே, இப்போது சேர்க்கிறார்” என்று பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: நான் எழுதியது இது: “மேலாளர் அடிக்கடி தவறாக நடந்துகொண்டார். மேலே கை பட்டது. அசிங்கமாகப் பேசினார்.” போதுமா?

போதாது. மூன்று வாக்கியத்திலும் என்ன நடந்தது என்பது இல்லை. ‘கை பட்டது’ என்பதுதான் பெரிய ஆபத்து. தற்செயலாகப் பட்டது என்று எதிர்த்தரப்பு சொல்லப்போவதை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். கூச்சத்தில் நாம் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறோம். அவர் கை வைத்திருந்தால் ‘கை வைத்தார்’ என்றே எழுதுங்கள். ஒரு மாதிரிக்கு:

“12.3.2025 புதன்கிழமை, மாலை சுமார் 6.30 மணி. ஸ்டோர் ரூமில் ரெஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். மேலாளர் பின்னால் வந்து என் இடது தோளில் கை வைத்து அழுத்தினார். நான் கையைத் தட்டிவிட்டு நகர்ந்தேன். அவர், ‘ஏன்டி பயப்படற, இங்க யாரும் வரமாட்டாங்க’ என்றார்.”

அவர் பேசியதை மேற்கோளுக்குள் பேச்சுத் தமிழிலேயே விடுங்கள், திருத்தாதீர்கள். அதுவரை ‘வாங்க, போங்க’ என்றவர் அன்று ‘டி’ போட்டார் என்றால், அதையும் தனி வாக்கியமாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் இந்த மாற்றம் தெரிந்திருக்காது.

இன்னொன்று, ‘சொல்லப்பட்டது’, ‘மிரட்டினார்கள்’ என்று எழுதாதீர்கள். யார் சொன்னது, ஒருவரா பலரா என்று குழு கேட்கும். பெயரும் பதவியும் போட்டு எழுதுங்கள்.

கேள்வி: ‘பாலியல் வன்கொடுமை’ என்று கடுமையாக எழுதி, சட்டப் பிரிவும் போட்டால்தான் எடுபடும். சரிதானே?

பாதி சரி. சட்டம் கேட்பதோடு புகார் பொருந்த வேண்டும் என்பது உண்மை. ஆனால் பிரிவு எண் இல்லை என்று யாரும் தள்ளிவிட முடியாது. அந்த நடத்தையை நீங்கள் விரும்பவில்லை என்பது தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். மேலே மாதிரியில் ‘கையைத் தட்டிவிட்டு நகர்ந்தேன்’ என்ற வரி அதற்காகத்தான்.

‘வன்கொடுமை’ வேண்டாம். செய்திகளில் அது பலாத்காரத்துக்கு வருகிறது; பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான 1989ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அதுதான் பெயர். தோளில் கை வைத்ததற்கு அந்தச் சொல்லைப் போட்டால், மிகைப்படுத்துகிறீர்கள் என்ற வாதத்துக்கு இடம் கொடுப்பீர்கள். தலைப்பில் ‘பாலியல் துன்புறுத்தல்’ என்று ஒரு முறை போதும்.

கேள்வி: என் மேலாளர் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார், இன்க்ரிமென்ட்டும் தரவில்லை. இதையும் இந்தக் குழுவுக்குத் தமிழில் எழுதலாமா?

மொழி பிரச்சினையில்லை, இடம்தான் வேறு. வெறும் திட்டும் சம்பளத் தகராறும் நிர்வாகத்திடம் போக வேண்டியவை. பாலியல் நோக்கோடு கேட்டதற்கு நீங்கள் மறுத்த பிறகு இன்க்ரிமென்ட் நின்றது என்றால் கதையே வேறு. அப்போது இரண்டையும் தேதியோடு அடுத்தடுத்து எழுதுங்கள்.

கேள்வி: குழுவில் இருவருக்கும் எதிர்த்தரப்புக்கும் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பில் எல்லாம் கெட்டுப்போகாதா?

கெடலாம். அதனால் நீங்கள் கையெழுத்திட்ட தமிழ்ப் புகாரே மூலம் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மொழிபெயர்ப்பின் நகலைக் கேட்டு வாங்கி, மேற்கோள்களை மட்டுமாவது சரிபாருங்கள். ‘ஏன்டி பயப்படற’ என்பது ‘பயப்படாதே’ என்று ஆறுதல்போல மாறியிருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். மொழிபெயர்ப்பு யார் பொறுப்பு என்பதில் குழுக்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. குழுவின் வேலை என்பது என் எண்ணம். புகார்தாரரையே கொண்டுவரச் சொல்பவர்களும் உண்டு.

கேள்வி: இரண்டு மாதம் ஆகிவிட்டது, தேதி சரியாக நினைவில்லை. தோராயமாக ஒன்று போடலாமா?

போடாதீர்கள். அன்று அவர் விடுப்பில் இருந்தார் என்று வருகைப் பதிவேட்டைக் காட்டினால் முழுப் புகாரும் ஆட்டம் காணும். ‘ஸ்டாக் எடுப்பு முடிந்த மறுநாள், தேதி உறுதியாக நினைவில்லை’ என்று எழுதலாம். புகார் கொடுக்கக் கெடு சம்பவத்திலிருந்து 3 மாதம். தொடர் சம்பவம் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை தரலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். சாட்சிகளின் பெயர், முகவரி, ஆதாரங்களோடு 6 பிரதி கொடுத்து, உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிவிடுங்கள்.